ஒரே பாண்டு, ரெண்டு விலை: சிலிக்கான் வேலி பேங்க்கோட கடைசி பேலன்ஸ் ஷீட்டை உக்காந்து படிச்சப்போ

2023 மார்ச்ல மூழ்கின அமெரிக்க பேங்க் இது. 2022 டிசம்பர் 31 தேதியிட்ட அதோட பேலன்ஸ் ஷீட்ல ஒரு வரி இருக்கு. ஹெல்ட் டு மெச்சூரிட்டி செக்யூரிட்டீஸ், அதாவது முதிர்வு வரைக்கும் வச்சிருப்போம்னு சொல்லி வாங்குன பாண்டுங்க, மதிப்பு 9,132 கோடி டாலர். அதே வரியிலயே அடைப்புக்குறிக்குள்ள இன்னொரு நம்பர், ஃபேர் வேல்யூ, அதாவது அன்னைக்கு வித்தா சந்தையில கிடைக்கற விலை, 7,617 கோடி டாலர். கழிச்சு பாத்தா 1,515 கோடி டாலர் வித்தியாசம். அதே ஷீட்ல கீழ வந்தா பங்குதாரர்களோட ஈக்விட்டி, அதாவது கடன் எல்லாம் போக அவங்களுக்கு மிஞ்சறது, மொத்தமே சுமார் 1,600 கோடி, அதுலயும் 365 கோடி முதல் உரிமை உள்ள ப்ரிஃபெர்டு ஷேர், மீதி 1,236 கோடி மாதிரிதான் சாதாரண பங்குதாரருக்கு உரியது. அப்போ அடைப்புக்குறிக்குள்ள இருந்த நம்பரை வெளிய எடுத்துப் போட்டா, வரிக்கு முன்னாடி கணக்குல, சாதாரண பங்குதாரருக்கு ஒண்ணுமே மிச்சம் இல்ல.

ஆடிட்டர் கையெழுத்து போட்டது 2023 பிப்ரவரி 24. பேங்க் மூடினது மார்ச் 10. நடுவுல ரெண்டு வாரம்.

இதை வச்சு "கணக்கை மறைச்சுட்டாங்க"ன்னு நிறைய பேர் சொன்னாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மறைக்கல, பேலன்ஸ் ஷீட்லயே அச்சுல இருந்துச்சு. ஆனா "விதிப்படி சரியா இருந்துச்சு, டெபாசிட்காரங்க பயந்து ஓடினதுதான் தப்பு"ன்னு சொல்றதையும் நான் ஏத்துக்க மாட்டேன். சொத்தை வாங்குன விலையில காட்டறதா இன்னைக்கு சந்தை விலையில காட்டறதா, அதாவது ஹிஸ்டாரிக்கல் காஸ்ட்டா ஃபேர் வேல்யூவாங்கிற பழைய சண்டையை புரிஞ்சுக்க இதைவிட நல்ல கேஸ் கிடையாது, ஏன்னா இங்க பாண்டோட விலை பத்தி யாருக்கும் சந்தேகமே இல்ல, பெரும்பாலும் அமெரிக்க அரசு சார்ந்த ஏஜென்சிகள் உத்தரவாதம் குடுத்த வீட்டுக்கடன் பாண்டுங்க, கடன் திரும்பி வராதுங்கிற பேச்சுக்கே இடமில்ல. வட்டி விகிதம் ஏறுச்சு, அவ்வளவுதான் நடந்துச்சு.

முதல்ல பாண்டுங்க எப்படி வந்துச்சுன்னு பாத்துடுவோம். இந்த பேங்க்கோட வாடிக்கையாளருங்க பெரும்பாலும் ஸ்டார்ட்அப் கம்பெனிங்க, அவங்களுக்கு காசு போடற வென்ச்சர் ஃபண்டுங்க. 2020, 2021ல முதலீடு கொட்டுச்சு, அந்தக் காசு எல்லாம் இங்க டெபாசிட்டா வந்துச்சு. 2019 கடைசியில சுமார் 6,200 கோடி டாலரா இருந்த டெபாசிட், 2021 கடைசியில 18,900 கோடி ஆயிடுச்சு. இவ்வளவு காசுக்கு கடன் குடுக்க அங்க ஆள் இல்ல, அதனால பாண்டு வாங்கினாங்க. அப்போ வட்டி தரையில கிடந்த நேரம், அதனால ஒண்ணரை சதவீதத்தை ஒட்டி வருமானம் தர்ற நீண்டகால பாண்டுங்கதான் கிடைச்சுது. வாங்கினதுல பெரும்பங்கை முதிர்வு வரைக்கும் வச்சிருப்போம்னு அந்த வகையில போட்டாங்க, 2020 கடைசியில 1,700 கோடிக்கும் கீழ இருந்த அந்த வகை ஒரே வருஷத்துல 9,800 கோடி ஆச்சு. 2022 மார்ச்ல ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏத்த ஆரம்பிச்சது, வருஷக் கடைசிக்குள்ள பூஜ்ஜியத்துக்கு பக்கத்துல இருந்தது நாலேகால் நாலரைக்கு வந்துடுச்சு.

இப்போ ஒரே ஒரு பாண்டை எடுத்து கணக்கு போட்டு பாப்போம், ஏன்னா இந்த இடத்துலதான் பல பேருக்கு குழப்பம் வருது. முக மதிப்பு 100, வருஷத்துக்கு வட்டி 1.50, முதிர்வுக்கு இன்னும் 6 வருஷம். சந்தை வட்டி 4 சதவீதம் ஆயிடுச்சு. இந்த பாண்டை இன்னைக்கு ஒருத்தர் வாங்கணும்னா அவருக்கும் 4 சதவீதம் கிடைச்சாதான் வாங்குவார், அதனால வரப்போற ஆறு வட்டியையும் கடைசியில வர்ற 100ஐயும் 4 சதவீதத்துல இன்னைக்கு மதிப்புக்கு கொண்டு வந்தா 86.89 வரும். நஷ்டம் 13.11. ஃபேர் வேல்யூ ஆளு சொல்றது இதைத்தான், உன் சொத்து 86.89, 100 இல்ல.

ஹிஸ்டாரிக்கல் காஸ்ட் பக்கம் நிக்கறவர், கடன் பத்திரத்துக்கு இதை அமார்டைஸ்டு காஸ்ட்னு சொல்வாங்க, வாங்குன விலையில ஆரம்பிச்சு முதிர்வு மதிப்பை நோக்கி கொஞ்சம் கொஞ்சமா நகத்திக்கிட்டே போறது, அவர் என்ன சொல்றாருன்னா: நான் விக்கப் போறதே இல்லையே, 6 வருஷம் கழிச்சு எனக்கு முழுசா 100 வரும், நடுவுல விலை 86 ஆனா என்ன 95 ஆனா என்ன, வராத நஷ்டத்தை ஏன் எழுதணும். கேக்க ரொம்ப நியாயமா இருக்கு. குடியிருக்கற வீட்டு விலை எறங்கிடுச்சுன்னு யாரும் சாப்பாட்டை குறைக்கறதில்லையே, அந்த மாதிரி ஒரு வாதம்.

ஆனா அந்த 6 வருஷமும் பேங்க் இந்த பாண்டை எந்தக் காசை வச்சு பிடிச்சுக்கிட்டு இருக்கு? டெபாசிட்காரங்க காசு. அவங்க சந்தை வட்டி 4 கேட்டா, பேங்க் வருஷா வருஷம் 4 குடுத்து 1.50 வாங்கும், 2.50 கையை விட்டுப் போகும், ஆறு வருஷத்துக்கு. அந்த ஆறு 2.50ஐ அதே 4 சதவீதத்துல இன்னைக்கு மதிப்புக்கு கொண்டு வந்து பாருங்க. 13.11 வரும். பைசா பிசகாம அதே நம்பர்.

நான் முதல் தடவை இதை பேப்பர்ல போட்டு பாத்தப்போதான் எனக்கு இந்த விஷயமே தெளிவாச்சு. முதிர்வு வரைக்கும் வச்சிருந்தா நஷ்டம் காணாம போயிடாது. ஃபேர் வேல்யூ அதை இன்னைக்கே ஒரே அடியா காட்டுது, ஹிஸ்டாரிக்கல் காஸ்ட் அதை ஆறு வருஷத்து மெலிஞ்ச வட்டி வருமானமா பரப்பிக் காட்டுது. நஷ்டம் ஒண்ணுதான், எந்த வருஷத்து கணக்குல விழுதுங்கிறதுதான் வேற. இன்னொரு பக்கத்துலேர்ந்தும் சரிபாக்கலாம்: ஒரு வருஷம் கழிச்சு, 5 வருஷம் பாக்கி இருக்கும்போது, அதே 4 சதவீதத்துல இந்த பாண்டு விலை 88.87. விலை 1.98 ஏறியிருக்கு, வட்டி 1.50, சேத்தா 3.48, அது 86.89ல சரியா 4 சதவீதம். ஃபேர் வேல்யூல போட்டவருக்கு அடி முதல்லயே விழுந்துடுச்சு, அப்புறம் ஒழுங்கா சந்தை வருமானம் வருது. அமார்டைஸ்டு காஸ்ட்ல போட்டவருக்கு அடியே தெரியல, ஆனா ஆறு வருஷமும் 1.50தான்.

சரி, அப்போ ஃபேர் வேல்யூதான் உண்மை, முடிஞ்சுதுன்னு சொல்லிடலாமா? முடியாது. இந்த இடத்துல ஹிஸ்டாரிக்கல் காஸ்ட் பக்கத்துல ஒரு கனமான வாதம் இருக்கு, அதை சும்மா தாண்டிப் போகக் கூடாது.

டெபாசிட்காரங்க எல்லாரும் 4 கேக்கறதில்ல. கரண்ட் அக்கவுண்ட்ல வட்டியே இல்லாம காசு போட்டு வைக்கிறவங்க எல்லா பேங்க்லயும் உண்டு. சந்தையில 4 சதவீதம் இருக்கும்போது பூஜ்ஜியத்துக்கு ஒருத்தர் காசு குடுத்து வச்சிருக்கார்னா அது பேங்க்குக்கு பெரிய லாபம், வட்டி ஏற ஏற அந்த லாபமும் ஏறும். அதாவது வட்டி ஏறும்போது ஒரு பக்கம் பாண்டு விலை எறங்குது, இன்னொரு பக்கம் மலிவான டெபாசிட்டோட மதிப்பு கூடுது, ஒண்ணை ஒண்ணு கொஞ்சமாவது சரிக்கட்டும். ஆனா டெபாசிட்டோட அந்த மதிப்பு பேலன்ஸ் ஷீட்ல எங்கயும் வராது, கேட்ட உடனே திருப்பிக் குடுக்க வேண்டிய காசு, அதனால 100ன்னா 100தான். அப்போ சொத்துப் பக்கத்தை மட்டும் ஃபேர் வேல்யூல போட்டா தராசுல ஒரு தட்டுக்கு மட்டும் எடைக்கல்லை மாத்தின மாதிரி. நல்லா நடக்கற பேங்க் கூட திவாலான மாதிரி தெரியும், வட்டி எறங்கினா திவாலாகப் போற பேங்க் கூட பளபளன்னு தெரியும். 2010ல அமெரிக்காவோட கணக்கியல் விதி வாரியம் எஃப்ஏஎஸ்பி, கடனையும் சேத்து கிட்டத்தட்ட எல்லா நிதிச் சொத்தையும் ஃபேர் வேல்யூல காட்டணும்னு ஒரு வரைவு போட்டப்போ 2,800க்கு மேல கடிதம் வந்துச்சு, பெரும்பாலும் எதிர்ப்பு, பேங்க்காரங்க திரும்பத் திரும்ப சொன்னதுல முக்கியமானது இந்த வாதம்தான். வாரியம் பின்வாங்கிடுச்சு.

வாதம் சரி. ஆனா அது நிக்கற தரை எது? டெபாசிட்காரங்க போக மாட்டாங்கங்கிறது. அந்தத் தரை சிலிக்கான் வேலி பேங்க்ல எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்.

அமெரிக்காவுல டெபாசிட் காப்பீடு ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல 2,50,000 டாலர் வரைக்கும். இந்த பேங்க் டெபாசிட்ல சுமார் 94 சதவீதம் அந்த வரம்புக்கு வெளிய. ஒவ்வொரு கணக்குலயும் லட்சக்கணக்குல கோடிக்கணக்குல கம்பெனி காசு, அந்தக் கம்பெனிங்களுக்கு ஒரே வட்டத்து முதலீட்டாளருங்க, ஒருத்தர் "எடுத்துடு"ன்னா அத்தனை பேர் காதுலயும் அன்னைக்கே விழும். இதுக்கு மேல, புது முதலீடு 2022ல வத்திப்போச்சு, கம்பெனிங்க சம்பளம் குடுக்க இருக்கற காசை எடுத்து செலவு பண்ணிக்கிட்டே இருந்தாங்க. வட்டியில்லா டெபாசிட் 2021 கடைசியில 12,500 கோடிக்கு மேல இருந்துச்சு, 2022 கடைசியில சுமார் 8,100 கோடி. எந்த மலிவு டெபாசிட்டை காட்டி பாண்டு நஷ்டத்தை பொறுத்துக்கலாம்னு சொல்றாங்களோ அதுவே ஒரே வருஷத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல கரைஞ்சு போயிருந்துச்சு. இந்த நம்பரும் அதே ஆண்டறிக்கையில இருந்துச்சு.

விதி என்ன சொல்லுதுன்னா, ஒரு பாண்டை முதிர்வு வகையில போட ரெண்டு விஷயம் வேணும், வச்சிருக்கற எண்ணம், வச்சிருக்கற திறன். எண்ணம் இருந்துச்சு, அதுல சந்தேகம் இல்ல. திறன்தான் கேள்வி. திறன்ங்கிறது பாண்டுக்குள்ள இல்ல, டெபாசிட் பக்கத்துல இருக்கு. ஆனா நடைமுறையில இதை பாக்கும்போது கணக்கு தேதியில பேங்க்குக்கு கடன் வாங்க வழி இருக்கா, பணப்புழக்க திட்டம் இருக்கா, இந்த மாதிரிதான் பாப்பாங்க, 94 சதவீத டெபாசிட்காரங்க ஒரே நாள்ல கிளம்பினா என்னன்னு யாரும் பாக்கறதில்ல. என்னோட கருத்துல இந்தக் கேஸோட ஓட்டை அங்கதான்.

முத்திரை ஒண்ணு குத்திட்டா அது நடத்தையையும் மாத்துது, இதையும் சொல்லியாகணும். முதிர்வு வகையிலேர்ந்து சும்மா ஒரு பாண்டை எடுத்து வித்தா, மீதி எல்லாத்தையும் வச்சிருப்பேன்னு சொன்ன பேச்சு கெட்டுப்போச்சுன்னு மொத்த வகையையும் ஃபேர் வேல்யூக்கு மாத்தணும். அதாவது 10 கோடிக்கு வித்தாலும் 1,515 கோடி நஷ்டமும் ஈக்விட்டியில வந்து விழும். அதனால 9,000 கோடி டாலர் பாண்டு கையில இருந்தும் விக்க முடியாத நிலை. இன்னொண்ணு, அமெரிக்க விதிப்படி முதிர்வு வகை பாண்டுக்கு வட்டி ஏற்றத்துக்கு எதிரா ஹெட்ஜ், அதாவது வட்டி ஏறினா லாபம் தர்ற ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம், எடுத்தா ஹெட்ஜ் அக்கவுண்டிங், அதாவது ரெண்டு பக்கத்து லாப நஷ்டத்தையும் சேத்துக் காட்டற வழி, கிடையாது, ஏன்னா வச்சிருக்கப் போறவனுக்கு வட்டி ஏறினா என்னங்கிறது அந்த விதியோட தர்க்கம். ஹெட்ஜோட லாபம் மட்டும் கணக்குல ஆடும், பாண்டோட நஷ்டம் கணக்குல வராது, அப்புறம் யாரு எடுப்பாங்க. அடுத்த வகை பாண்டுக்கு எடுத்து வச்சிருந்த ஹெட்ஜையும் 2022ல பெரும்பாலும் கழட்டிட்டாங்க.

அந்த அடுத்த வகைதான் அவைலபிள் ஃபார் சேல், தேவைப்பட்டா விக்கலாம்னு வச்சிருக்கறது. வாங்குன விலை 2,860 கோடி, ஃபேர் வேல்யூ 2,607 கோடி, ஷீட்ல வர்றது ஃபேர் வேல்யூதான். கிட்டத்தட்ட ஒரே மாதிரி பாண்டுங்க ரெண்டு வகையிலயும் இருக்கும், ஒண்ணு பழைய விலையில, ஒண்ணு இன்னைக்கு விலையில, ரெண்டையும் கூட்டித்தான் மொத்த சொத்து 21,180 கோடின்னு போட்டாங்க. இந்த மாதிரி கூட்டின கூட்டுத்தொகைக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் உறுத்துது.

மார்ச் 8 அன்னைக்கு பேங்க் ஒரு அறிவிப்பு விட்டுச்சு. விக்கத்தக்க வகையிலேர்ந்து சுமார் 2,100 கோடி டாலர் பாண்டை வித்துட்டோம், வரிக்கு அப்புறம் 180 கோடி நஷ்டம், 225 கோடி புது மூலதனம் திரட்டப் போறோம்னு. இங்க ஒரு நுட்பம் இருக்கு. இந்த வகையோட நஷ்டம் ஏற்கனவே ஈக்விட்டியில கழிச்சாச்சு, இதர விரிவான வருமானம்ங்கிற தனி வரி வழியா, லாப நஷ்ட கணக்கை தொடாம. அதனால வித்ததால ஷீட்ல இருக்கற மொத்த ஈக்விட்டி ஒரு டாலர் கூட புதுசா குறையல, ஒரு பையிலேர்ந்து இன்னொரு பைக்கு மாறுது. அப்புறம் ஏன் மூலதனம் திரட்டணும்? ஏன்னா இந்த அளவு பேங்க்குங்களுக்கு ஒழுங்குமுறை மூலதனத்தை, அதாவது கண்காணிக்கற அமைப்புங்க கட்டாயமா வச்சிருக்கச் சொல்ற மூலதனத்தை, கணக்கு போடும்போது அந்தத் தனி வரி நஷ்டத்தை சேக்காம விடலாம்னு ஒரு சலுகை இருந்துச்சு. ஃபேர் வேல்யூ ஷீட்ல இருந்துச்சு, ஆனா மூலதன விகிதத்துல இல்ல. விக்கற நிமிஷம் சலுகை போயிடுச்சு, 180 கோடியும் மூலதனத்தை கடிச்சுது.

படிக்கறவங்களுக்கு கணக்கு விதியெல்லாம் தெரியணும்னு இல்ல. விக்கத்தக்க வகை பாண்டு பெரும்பகுதி போயிடுச்சு, இனிமே காசு வேணும்னா அந்த 9,132 கோடியைத்தான் தொடணும், தொட்டா அடைப்புக்குறி உடையும். இதுதான் புரிஞ்சுது. மார்ச் 9 அன்னைக்கு பங்கு விலை 60 சதவீதம் விழுந்துச்சு, ஒரே நாள்ல 4,200 கோடி டாலர் டெபாசிட் வெளிய போச்சு, அடுத்த நாளைக்கு இன்னும் 10,000 கோடி எடுக்க வரிசையில நின்னுச்சு. 10ஆம் தேதி காலையில கலிஃபோர்னியா மாநில அதிகாரிங்க மூடிட்டாங்க.

வரலாறு தெரிஞ்சவங்களுக்கு ஒரு ஞாபகம் வரும். 1980கள்ல அமெரிக்காவுல வீட்டுக்கடன் குடுக்கற சேமிப்பு சங்கங்களுக்கு நடந்ததும் இதுதான், குறைஞ்ச வட்டிக்கு முப்பது வருஷக் கடன் குடுத்து வச்சிருந்தாங்க, டெபாசிட் வட்டி எகிறிடுச்சு, கணக்குல எல்லாம் வாங்குன விலையிலயே இருந்ததால செத்த சங்கங்க வருஷக்கணக்கா உயிரோட இருக்கற மாதிரி தெரிஞ்சுது. 1986லேர்ந்து 1995க்குள்ள 1,043 சங்கங்க மூடினாங்க. அந்த அனுபவத்துக்கு அப்புறம் 1993ல வந்த விதிதான் பாண்டுங்களை மூணு வகையா பிரிச்சது, அதுல ஒரு கதவை வாங்குன விலைக்குன்னு திறந்தே வச்சாங்க.

எதிர்த்திசையிலயும் ஒரு அனுபவம் இருக்கு, அதை விட்டுட்டா நியாயமா இருக்காது. 2008ல சிக்கலான வீட்டுக்கடன் பத்திரங்களுக்கு சந்தையே இல்லாம போச்சு, ஒருத்தர் ரெண்டு பேர் வேற வழியில்லாம அடிமாட்டுக்கு விக்கற விலைதான் இருந்துச்சு, அதை வச்சு எல்லாரும் மதிப்பை குறைக்கணும்னா, குறைச்சதால மூலதனம் பத்தாம இன்னும் விக்கணும், வித்தா விலை இன்னும் விழும். அப்போ ஃபேர் வேல்யூ விதியை நிறுத்தி வைங்கன்னு பெரிய கூச்சல், அமெரிக்க பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் ஆராய்ஞ்சு 2008 டிசம்பர்ல நிறுத்த வேண்டாம்னுதான் அறிக்கை குடுத்துச்சு. ஆனா சந்தை இல்லாத சொத்துக்கு கணித மாடல் போட்டு வர்ற நம்பர் ஒரு அனுமானம்தான், அதுக்கு வாங்குன விலையைவிட அதிக நம்பகம் இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். சிலிக்கான் வேலி கேஸ்ல இந்த வாதம் செல்லாது, அந்த பாண்டுங்க தினமும் கைமாறுது, விலை யாரை கேட்டாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் சொல்வாங்க.

அதனால ஒரு பேங்க் அறிக்கை கையில வந்தா நான் பாக்கற வரிசை இதுதான். முதிர்வு வகை வரியில ரெண்டு நம்பரையும் கழிப்பேன், வரிச் சலுகைக்கு கொஞ்சம் குறைச்சுட்டு சாதாரண ஈக்விட்டியோட பக்கத்துல வைப்பேன். அதோட நிறுத்தினா தப்பாப் போயிடும், ஏன்னா அந்த வருஷம் பல பேங்க்ல அந்த ஓட்டை இருந்துச்சு, எல்லாம் விழல. அடுத்து டெபாசிட் குறிப்புக்கு போவேன், காப்பீட்டுக்கு வெளிய எவ்வளவு, வட்டியில்லா டெபாசிட் போன வருஷத்தைவிட எவ்வளவு குறைஞ்சிருக்கு, பெரிய கணக்குங்க எத்தனை பேர்கிட்ட குவிஞ்சிருக்கு. சின்னச் சின்ன குடும்பக் கணக்கா ஆயிரக்கணக்குல பரவியிருந்தா 100ங்கிற நம்பரை நம்புவேன், ஏன்னா அந்த பேங்க்கால நிஜமாவே காத்திருக்க முடியும். இல்லேன்னா 86.89தான் என் கணக்கு.

மூடின ரெண்டு நாள்ல, மார்ச் 12ஆம் தேதி, ஃபெடரல் ரிசர்வ் ஒரு கடன் திட்டம் அறிவிச்சது. பேங்க்குங்க இந்த மாதிரி பாண்டை அடமானம் வச்சு ஒரு வருஷம் வரைக்கும் கடன் வாங்கலாம், பாண்டுக்கு சந்தை விலை பாக்க மாட்டோம், முக மதிப்புக்கே குடுப்போம்னு. அதாவது காத்திருக்கற திறனை வெளியிலேர்ந்து கொண்டு வந்து குடுத்தாங்க, அதுக்கப்புறம் மத்த பேங்க்குங்களோட 100க்கு ஓரளவு அர்த்தம் திரும்பி வந்துச்சு. 2023 ஜூலையில ஒழுங்குமுறை அமைப்புங்க இன்னொரு முன்மொழிவும் வச்சாங்க, 10,000 கோடி டாலருக்கு மேல சொத்து உள்ள பேங்க்குங்க விக்கத்தக்க வகையோட நஷ்டத்தை மூலதனத்துல கழிச்சே ஆகணும்னு. அந்த வரைவு விக்கத்தக்க வகைக்கு மட்டும்தான். முதிர்வு வகையோட நஷ்டத்தை, 1,515 கோடி எங்க இருந்துச்சோ அதே அடைப்புக்குறிக்குள்ளயே அது விட்டு வச்சுது.